மறுமதிப்பீடு கேட்டுக் கடிதம் எழுதும்முன் விடைத்தாளைப் புரட்டுங்கள்

ஏற்காடு மாணவி, இளங்கலைப் பொருளாதாரம்: ஐயா, எழுத்துத் தேர்வில் 75க்கு 26 போட்டிருக்கிறார்கள். அகமதிப்பீட்டில் 22. கூட்டினால் 48 வருகிறது, ஆனாலும் தேர்ச்சி இல்லை. பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கிவிட்டேன். "தினமும் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வந்து படிக்கிறேன், அம்மா காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறார், கருணை காட்டுங்கள்" என்று கடிதம் எழுதியிருக்கிறேன். சரியாக இருக்கிறதா? நகலின் படங்களையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன், அம்மா. உங்கள் தாள்படி எழுத்துத் தேர்வில் மட்டும் தனியாக 30 எடுக்க வேண்டும். அதனால்தான் 48 வந்தும் தேர்ச்சி இல்லை. குறைவது நான்கு மதிப்பெண்.

முகப்புப் பக்கத்தில் வினா எண் வாரியாக ஒரு கட்டம் இருக்கிறதே, அதைப் பாருங்கள். அ பகுதியில் 9. ஆ பகுதியில் 3, 2. இ பகுதியில் 21ஆம் வினாவுக்கு 4, 22க்கு 3, 23க்கு 3, 25க்கு 2. கூட்டல் 26 சரியாகத்தான் வருகிறது. ஆனால் 24க்கு நேரே கட்டம் வெறுமையாக இருக்கிறது. பூஜ்யம்கூட இல்லை. இப்போது 27ஆம் பக்கத்துக்குப் போங்கள். பணவீக்கத்தின் காரணங்கள் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று பக்கத்திலும் சிவப்பு மையின் சுவடே இல்லை. திருத்தியவர் படித்திருந்தால் ஒரு சரிக்குறியோ, ஓரத்தில் ஓர் எண்ணோ, குறுக்கே ஒரு கோடோ விழுந்திருக்கும்.

எப்படித் தவறியது என்பதும் தெரிகிறது. 25ஆம் வினாவை முதலில் எழுதிவிட்டு, இரண்டு பக்கங்களை வெறுமையாக விட்டு, அதன்பின் 24ஐத் தொடங்கியிருக்கிறீர்கள். ஓரத்தில் வினா எண்ணும் போடவில்லை. மதிப்பீட்டு முகாமில் கட்டுக் கட்டாகத் திருத்துகிறவர், வெற்றுப் பக்கம் வந்ததும் விடைத்தாள் முடிந்தது என்று மூடிவிடுவார். அப்படி மூடியது அவருடைய பிழைதான், கடைசிப் பக்கம் வரை புரட்டுவது அவர் கடமை. தேர்வுப் பிரிவில் இருந்த காலத்தில் இதே கதையைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எண்ணில்லாத விடை, அதற்கு முன் வெற்றுப் பக்கம், இரண்டும் சேர்ந்தால் ஆபத்து.

ஆகவே மலையையும் தோட்டத்தையும் கடிதத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அம்மாவின் உழைப்பு பெரிது, ஆனால் அதற்கு மதிப்பெண் கொடுக்கும் அதிகாரம் அந்த அலுவலகத்தில் யாருக்கும் இல்லை. விடுபட்ட விடைக்கு மதிப்பெண் கொடுக்க வேண்டிய கடமை இருக்கிறது. இப்படி எழுதுங்கள்:

"பெறுநர்: தேர்வாணையர் அவர்கள். வழி: கல்லூரி முதல்வர் அவர்கள்.
பொருள்: 24ஆம் வினாவின் விடை மதிப்பிடப்படாமை – மறுமதிப்பீடு கோருதல்.
ஐயா, எனது பதிவெண், தாளின் குறியீடு, தேர்வு நடந்த மாதமும் ஆண்டும் கீழே உள்ளன. விடைத்தாளின் 27 முதல் 29 வரையிலான பக்கங்களில் 24ஆம் வினாவுக்கு விடை எழுதியுள்ளேன். அப்பக்கங்களில் திருத்தியதற்கான குறி எதுவும் இல்லை. முகப்புக் கட்டத்திலும் அவ்வினாவுக்கு மதிப்பெண் பதியப்படவில்லை. அவ்விடையை மதிப்பிட்டு, தாள் முழுவதையும் மறுமதிப்பீடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். முகப்புப் பக்கம், 27, 28, 29ஆம் பக்கங்களின் நகல்களும் கட்டணச் சான்றும் இணைப்பில் உள்ளன."

இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். கல்லூரி அலுவலகத்தில் கொடுக்கும்போது உங்கள் பிரதியில் நாளும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்ற பேராசிரியர், அஸ்தம்பட்டி: நானும் பல ஆண்டுகள் தாள் திருத்தியவன். மறுமதிப்பீட்டுக்கு வரும் தாளோடு எந்தக் கடிதமும் எங்கள் கைக்கு வந்ததில்லை. பெயரும் பதிவெண்ணும் மறைத்த தாள் மட்டும்தான் வரும். பிறகு எதற்கு இவ்வளவு பாடு?

பதில்: திருத்துகிறவர் கைக்கு வராது என்பது உண்மை, ஐயா. வரவும் கூடாது. இந்தக் கடிதத்தைப் படிக்கப் போகிறவர் அலுவலகத்தில் அந்தத் தாளைத் தேடி எடுக்கும் பிரிவு எழுத்தர். பக்க எண் குறித்திருந்தால் அவர் தாளை எடுத்ததும் 27ஆம் பக்கத்தைத் திறந்து பார்ப்பார். 'என் மதிப்பெண் குறைந்துவிட்டது' என்று மட்டும் எழுதினால் திறக்க மாட்டார், அப்படியே கட்டில் சேர்ப்பார். எல்லா இடத்திலும் எழுத்தர் இவ்வளவு பொறுப்பாக இருப்பார் என்று நான் உறுதி சொல்ல முடியாது.

மேட்டூர் இளைஞர்: விடைத்தாளைப் பார்க்கும் உரிமையை உச்ச நீதிமன்றமே கொடுத்திருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாயில் வாங்கி, மறுமதிப்பீடும் கேட்டுவிடலாமே?

பதில்: பாதி சரி, தம்பி. திருத்திய விடைத்தாளைப் பார்க்கவும் நகல் பெறவும் தேர்வருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தச் சட்டத்தில் கிடைப்பது நகல் மட்டுமே, மறுமதிப்பீடு கிடைக்காது. அது பல்கலைக்கழக விதியில் இருந்தால்தான் உண்டு. பதில் தர 30 நாள் அவகாசமும் இருக்கிறது. அதற்குள் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் போய்விடலாம். அந்த 10 ரூபாயும் மனுவுக்கான கட்டணம், நகலுக்குப் பக்கக் கணக்கில் தனி. நாள் இருக்கும்போது பல்கலைக்கழகத்தின் வழியிலேயே வாங்குங்கள். நாள் கடந்தவர்களுக்கு மற்ற வழி உதவும், அதுவும் தாள்களை அழிப்பதற்கு முன்.

ஆத்தூர் தந்தை: என் மகனுக்குப் பிளஸ் டூ இயற்பியலில் குறைந்துவிட்டது. பல்கலைக்கழகத்துக்கு எழுதினால் ஆகுமா?

பதில்: ஆகாது. அது அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் வேலை. இன்றே பையன் படித்த பள்ளியில் கேளுங்கள், அங்கேயும் நாள் குறுகியதுதான்.

தமிழ்வழி மாணவர், ஓமலூர்: தமிழில் எழுதுகிறவர்களுக்குக் குறைத்துப் போடுகிறார்கள். எனக்கு எல்லா விடைக்கும் 3, 4தான். இதைக் கடிதத்தில் எழுதலாமா?

பதில்: உங்கள் மனக்குறையை இல்லை என்று தள்ள மாட்டேன். தமிழ்க் கலைச்சொல்லை அடையாளம் காணாமல் ஓர் ஆசிரியர் தடுமாறியதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு தாளை வைத்து அதை நிறுவ முடியாது. பாடநூலில் உள்ள அதே சொல்லை நீங்கள் எழுதியும் அதன்மேல் அடித்திருந்தால், அந்தப் பக்கத்தைக் குறிப்பிடுங்கள். அடிப்பு எதுவும் இல்லாமல் எல்லாவற்றுக்கும் 3 என்றால், ஒவ்வொன்றும் கேட்ட அளவுக்கு இருக்கிறதா என்று பாட ஆசிரியரிடம் காட்டிப் பார்த்துவிட்டுக் கட்டணம் கட்டுங்கள்.

பேராசிரியர், மீண்டும்: எழுதட்டுமே ஐயா. பலர் எழுதினால்தான் ஒருநாள் கேட்பார்கள்.

பதில்: எழுதலாம், தனி மனுவாக. மதிப்பெண் கேட்கும் கடிதத்தோடு சேர்த்தால் இரண்டும் கெடும் என்பது என் எண்ணம். நீங்கள் வேறாக நினைக்கிறீர்கள், மாணவர் முடிவு செய்யட்டும்.

ஏற்காடு மாணவி: கடிதத்தை மாற்றி எழுதிவிட்டேன். அடுத்த பருவத் தேர்வுக்குப் பணம் கட்டும் நாள் வருகிறது. மறுமதிப்பீட்டு முடிவு வரும்வரை காத்திருக்கலாமா? மதிப்பெண் குறையவும் கூடுமா?

பதில்: காத்திருக்காதீர்கள். இந்தத் தாளுக்கும் சேர்த்து இப்போதே கட்டிவிடுங்கள். முடிவு தேர்வுக்குப் பிறகு வந்து, தேர்வும் எழுதாமல் போனவர்கள் உண்டு. கட்டிய பணம் திரும்பாமல் போகலாம், ஆனால் ஒரு பருவம் போவதற்கு அது மேல். குறையுமா என்பது விதியைப் பொறுத்தது. சில இடங்களில் எது கூடுதலோ அது நிற்கும், சில இடங்களில் புதிய மதிப்பெண்ணே முடிவு. விண்ணப்பப் படிவத்தின் பின்பக்க விதியை வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். உங்கள் தாளில் மூன்று பக்கம் படிக்கப்படாமல் கிடக்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் விண்ணப்பித்திருப்பேன்.