மூன்று கதவில் ஒன்றுக்குப் பின்னால் கார், மற்ற இரண்டுக்குப் பின்னால் ஆடு. நாம் ஒன்றை எடுத்ததும், கார் எங்கே என்று தெரிந்த நடத்துபவர் மிச்சத்தில் ஆடு உள்ள ஒரு கதவைத் திறந்து காட்டி, மாற்றிக்கொள்கிறீர்களா என்பார். இந்த மூன்று கதவுப் புதிரில் கதவை மாற்றினால் கார் கிடைக்கும் வாய்ப்பு 2/3 என்கிறார்கள். மிச்சம் இருப்பது இரண்டே கதவு, அப்புறம் எப்படிப் பாதிக்குப் பாதி இல்லை?

யாரிடமோ வாதாடி எரிச்சலோடு வந்திருக்கிறீர்கள் போல. தனியாக இல்லை நீங்கள். 1990-ல் அமெரிக்காவின் பரேட் பத்திரிகையில் பத்தி எழுதிவந்த மர்லின் வாஸ் சவந்த் "மாற்றுவதே நல்லது" என்று எழுதியதற்குச் சுமார் பத்தாயிரம் கடிதங்கள் வந்தன. பெரும்பாலும் மறுப்பு, அதிலும் முனைவர் பட்டம் வாங்கியவர்களே ஆயிரம் பேருக்குப் பக்கம். விடை என்னவோ அவர் சொன்னதுதான்.

நான் ஒரு கல்லூரியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது ஸ்டாஃப் ரூமில் இதே பேச்சு வந்தது. ஒரு சீனியர், "ரெண்டு கதவு, ரெண்டு வாய்ப்பு, இதுல என்னப்பா இருக்கு?" என்று முடித்துவிட்டார். எனக்கு விட மனசில்லை. பழைய விடைத்தாளின் பின்பக்கத்தில் 300 ஆட்டங்கள் என்று எழுதினேன். எல்லாவற்றிலும் நாம் 1-ஆம் கதவைத்தான் எடுக்கிறோம். கார் 1, 2, 3 என ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் நூறு நூறு தடவை இருக்கும்.

கார் 1-ல் இருந்தால் நடத்துபவருக்கு மற்ற இரண்டும் ஆட்டுக் கதவுதான், எதையும் திறக்கலாம். ஆக 3-ஐத் திறப்பது 50 தடவை. கார் 2-ல் இருந்தால் அவருக்கு வேறு வழியே கிடையாது, நூறு தடவையும் 3-தான். கார் 3-லேயே இருந்தால் அதைத் தொடமாட்டார். இப்போது 3 திறந்த ஆட்டங்களை மட்டும் எடுங்கள்: மொத்தம் 150, அதில் கார் 2-ல் இருப்பது 100. சார்புநிலை நிகழ்தகவு என்று பாடத்தில் வருவது இவ்வளவுதான், நடக்காத ஆட்டங்களைக் கழித்துவிட்டு மிச்சத்தில் பங்கு பார்ப்பது.

சீனியர் சும்மா இருப்பாரா? "நடத்துறவனுக்கே கார் எங்கேன்னு தெரியாம, குருட்டாம்போக்குல திறந்து ஆடு வந்திருந்தா?" என்றார். அருமையான கேள்வி. அப்போது கார் 2-ல் உள்ள ஆட்டங்களிலும் 3-ஐத் திறப்பது 50 தடவைதான். கார் 3-ல் இருக்கும்போது 50 தடவை காரே வெளியே வந்து ஆட்டம் கெட்டுவிடும். ஆடு தெரிந்த 100 ஆட்டங்களில் 50-க்கு 50. கண்ணில் படுவது அதே திறந்த கதவு, அதே ஆடு, ஆனால் விடை வேறு. ஆட்டை மட்டும் பார்த்துவிட்டு, அது எந்த விதிப்படி வெளியே வந்தது என்று யோசிக்காமல் விடுவதால்தான் இந்தக் கணக்கு எல்லோரையும் கவிழ்க்கிறது.

உடனே சிலர் "நூறு கதவு வைத்து, 98 ஆட்டுக் கதவைத் திறந்துவிட்டுப் பார்த்தாலே புரியுமே" என்று வருவீர்கள். புரியும், மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் குருட்டாம்போக்கில் 98 கதவு திறந்து எல்லாம் ஆடாகவே வந்திருந்தால் பாதிதான், அதை யாரும் சொல்வதில்லை. இன்னும் சிலர், இந்தப் புதிருக்கு மூலமான அமெரிக்க டிவி நிகழ்ச்சியை நடத்திய மாண்டி ஹாலுக்கு, கதவைத் திறந்து மாற்றச் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயமே இருந்ததில்லை என்பீர்கள். உண்மைதான். நீங்கள் சரியான கதவை எடுத்தபோது மட்டும் மாற்றச் சொல்லி ஆசை காட்டுகிற ஆளாக இருந்தால், மாற்றினால் கார் போச்சு.

இதையே இன்டர்னல் தேர்வில் ஒரு கேள்வியாகக் கேட்டேன். சிலபஸில் இல்லை என்று எடுத்துவிட்டார்கள். பைக்குள் மூன்று சிவப்புப் பந்து, நான்கு கறுப்புப் பந்து மட்டும் வருஷா வருஷம் வரும்.