பதாகையில் சர்க்கரையை நஞ்சென்று எழுதலாமா?

கேள்வி: எங்கள் சுகாதார முகாமின் வாசலில் வைக்கும் பதாகைக்கு நீரிழிவு விழிப்புணர்வுக் கவிதை ஒன்று எழுதியிருக்கிறேன். மருத்துவ ரீதியில் இது சரிதானா, அப்படியே அச்சிடலாமா?

"நஞ்சாம் சர்க்கரையை நாவாலும் தீண்டாதே;
நீ அதை விட்டுவிட்டால் நோய் உன்னை விட்டுவிடும்;
நாளும் நடப்பவர்க்கு மாத்திரைகள் எதற்கு?
நடந்தே விரட்டிடுவோம் நீரிழிவை!"

பதில்: அப்படியே அச்சிட வேண்டாம். ஓசை நன்றாக வந்திருக்கிறது, கடைசி வரியிலும் பெரிய குறையில்லை. ஆனால் முதல் வரியும் மூன்றாம் வரியும் ஒரு நோயாளியின் மனத்தில் ஒன்றாகப் பதிந்தால் அவர் உயிருக்கே ஆபத்து வரலாம். நான் பார்த்த ஒரு நிகழ்வைச் சொன்னால் இது விளங்கும்.

அறுபது வயதைக் கடந்த ஒருவர் கிளைமிபிரைட் என்ற மாத்திரையை எடுத்துவந்தார். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் வகையைச் சேர்ந்த அந்த மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். அவரோ காலையில் எழுந்ததும் அதை விழுங்கிவிட்டு, வெறும் வயிற்றில் முக்கால் மணி நேரம் வேகமாக நடந்திருக்கிறார். மாத்திரை ஒரு பக்கம் சர்க்கரையைக் குறைக்க, நடக்கும்போது கால் தசைகள் இன்சுலினுக்காகக் காத்திராமல் இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ள, உள்ளே போகும் உணவோ எதுவும் இல்லை. பாதி வழியிலேயே கை நடுங்கி, சட்டை நனையும் அளவுக்கு வியர்த்து, பேச்சு குழறத் தொடங்கியது. உடன் நடந்தவர் பழச்சாற்றை நீட்டியபோது, "சர்க்கரை எனக்கு விஷம்" என்று கையைத் தட்டிவிட்டிருக்கிறார். முந்தைய மாதம் ஒரு முகாமில் பார்த்த சுவரொட்டி வாசகம் அது. என்னிடம் அழைத்து வந்தபோது அவருடைய இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 48 மில்லிகிராம். விழுங்கும் நிலையில் இருந்ததால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்தோம். 15 நிமிடம் கழித்துப் பார்த்தபோது 76 ஆகியிருந்தது. பிறகு உணவு கொடுத்தோம். மாத்திரையைக் காலை உணவோடும் நடையை உணவுக்குப் பின்னும் மாற்றிய பிறகு அவருக்கு அந்தத் தொல்லை திரும்பவில்லை.

70க்குக் கீழே இறங்குவதைத் தாழ்சர்க்கரை என்கிறோம். பலர் வாயில் அது 'லோ சுகர்'. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் மேற்சொன்ன வகை மாத்திரை எடுக்கிறவர்களுக்கும்தான் இது பெரும்பாலும் வரும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு வருவது அரிது. வந்துவிட்டால், உடனே இரத்தத்தில் கலக்கும் 15 கிராம் சர்க்கரைதான் மருந்து. கொழுப்பு கலந்த சாக்லேட் மெதுவாகத்தான் வேலைசெய்யும், சர்க்கரைக்கு மாற்றாக விற்கும் செயற்கை இனிப்பூட்டி வேலையே செய்யாது. 15 நிமிடத்தில் நடுக்கம் அடங்காவிட்டால் அதே அளவை இன்னொரு முறை கொடுக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மருந்துச் சீட்டில் மாத்திரையின் பெயரை எழுதித் தருகிற எங்களில் எத்தனை பேர் இதை உட்காரவைத்துச் சொல்கிறோம்? ஒருவருக்கு மூன்று நிமிடம் என்று ஓடும் புறநோயாளிப் பிரிவில் சொல்லாமல் விட்டதை, ஒரு பதாகையாவது சொல்லட்டும் என்பதுதான் என் ஆசை.

இரண்டாம் வரியின் சிக்கல் நம் மொழிவழக்கிலிருந்தே வருகிறது. டப்பாவில் இருப்பதும் சர்க்கரை, இரத்தத்தில் அளப்பதும் சர்க்கரை, "எனக்குச் சர்க்கரை இருக்கிறது" என்னும்போது நோயும் சர்க்கரை. ஒன்றை விட்டால் மற்றொன்றும் போய்விடும் என்று கேட்பவருக்குத் தோன்றத்தான் செய்யும். காபியில் சர்க்கரையை நிறுத்தியவர், மாவுச்சத்து மிகுந்த உணவைத் தட்டு நிறைய உண்டுவிட்டு, அளவு ஏன் குறையவில்லை என்று வியப்பதும் இதனால்தான். அந்த மாவுச்சத்தும் செரித்தபின் குளுக்கோஸாகத்தான் இரத்தத்துக்கு வருகிறது. எனவே கவிதையில் உண்ணும் பொருளைக் குறிக்க 'இனிப்பு' என்றும், நோயைக் குறிக்க 'நீரிழிவு' என்றும் பிரித்து எழுதுங்கள்.

மூன்றாம் வரியை நீங்கள் நல்லெண்ணத்தோடு எழுதியிருப்பீர்கள். ஆனால் அது பொடி விற்பவர்களின் வரி. முகாம் என்றாலே பதாகைச் செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று வருபவர்கள் உண்டு. ஓரத்தில் தங்கள் சின்னத்தைப் போடுவார்கள், ஒரு மேசை கேட்பார்கள், விரலில் குத்திப் பார்த்து, சாப்பிட்டு ஒரு மணி நேரமே ஆனவருக்கு 150 வந்தால் "உங்களுக்குச் சர்க்கரை வந்துவிட்டது" என்று பயமுறுத்தித் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொள்வார்கள். சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் 150 என்பதை வைத்து நீரிழிவு என்று யாராலும் முடிவுகட்ட முடியாது. மறுநாள் அழைத்து, மாத்திரையே வேண்டாம் என்று மூலிகைப் பொடியை விற்பார்கள். அத்தகைய சில பொடிகளில் கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரை மருந்து இரகசியமாகக் கலந்திருந்தது ஆய்வகச் சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. அளவு தெரியாமல் உள்ளே போகும் அந்த மருந்தும் கொண்டுவருவது அதே தாழ்சர்க்கரையைத்தான். ஆகவே பதாகைக்கான பணத்தை உங்களுக்குள் திரட்டிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு மேசை கொடுக்காதீர்கள்.

நடையைப் பற்றி எழுதும்போது எப்போது, எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுங்கள். உணவுக்குப் பின் 10 முதல் 15 நிமிடம் நடந்தால், அப்போதுதான் ஏறத் தொடங்கும் சர்க்கரையைத் தசைகள் எடுத்துக்கொள்ளும். மூன்று வேளையும் இப்படி நடந்தால் பரிந்துரைக்கப்படும் வாரத்துக்கு 150 நிமிடத்தை எளிதில் தாண்டிவிடலாம். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விட்டுவிட்டால் நடையால் கிடைத்த பலன் தேய்ந்துவிடும்.

இவற்றை வைத்து உங்கள் கவிதையை இப்படித் திருத்தியிருக்கிறேன். ஓசையை உங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம், கருத்தை மட்டும் மாற்ற வேண்டாம்.

"இனிப்பைக் குறைத்திடுவோம், இனித்த பானம் தவிர்த்திடுவோம்;
உண்டபின் பத்து நிமிடம் ஒவ்வொரு வேளையும் நடந்திடுவோம்;
மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தோம்;
கைநடுங்கி வியர்த்தாலோ கைவசச் சர்க்கரை உண்போம்!"

நான்காம் வரி முதல் வரிக்கு முரணாக இருக்கிறதே என்று குழுவில் யாராவது ஆட்சேபிப்பார்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுக்காத ஒருவர் அதைப் படித்துவிட்டு, வேறு காரணத்தால் வந்த நடுக்கத்துக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை சாப்பிட்டால், அளவு சற்று ஏறி இறங்கும், அவ்வளவுதான். எடுத்துக்கொள்பவர் அதைப் படிக்காமல் போனால், மேலே சொன்ன பெரியவரைப் போல நீட்டிய பழச்சாற்றைத் தட்டிவிடுவார். அதனால் இடம் போதவில்லை என்று அச்சகத்தார் அந்த வரியைச் சிறிய எழுத்தில் கீழே தள்ள விடாதீர்கள். நான்கு வரியும் ஒரே அளவில் இருக்கட்டும். பதாகையின் அடிப்பகுதி பதிவு மேசைக்குப் பின்னால் மறையாத உயரத்தில் கட்டுங்கள்.