வட்டிப் பணம் கைக்கு வராதது ஏன்?

கேள்வி: வயது 71, வெள்ளவத்தையில் வசிக்கிறேன். 20 இலட்சம் ரூபாவை ஒரு வருட நிலையான வைப்பில் 8 சதவீதத்துக்குப் போட்டிருந்தேன். தவணை முடிந்ததும் 1 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா வட்டி என் சேமிப்புக் கணக்குக்கு வரும் என்றிருந்தேன். ஒரு சதமும் வரவில்லை. 21 இலட்சத்து 44 ஆயிரம் என்று புதிய பற்றுச்சீட்டு மட்டும் தந்தார்கள். அதிலும் 16,000 குறைகிறது. எனக்கு வேறு வருமானம் இல்லை.

பதில்: அம்மா, உங்கள் பணம் தொலைந்துபோகவில்லை. பழைய பற்றுச்சீட்டின் பிரதி இருந்தால் எடுத்துப் பாருங்கள். தொகை, வட்டி வீதம், முதிர்வுத் திகதி ஆகியவற்றோடு முதிர்வு அறிவுறுத்தல் என்றும் ஓர் இடம் இருக்கும். உங்களுடையதில் ‘முதலும் வட்டியும் சேர்த்துப் புதுப்பிக்கவும்’ என்று இருந்திருக்க வேண்டும். அதனால்தான் வட்டியும் முதலோடு சேர்ந்து இன்னொரு வருடத்துக்குப் பூட்டப்பட்டுவிட்டது. உங்களுக்குத் தேவையானது ‘முதலை மட்டும் புதுப்பித்து, வட்டியைச் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கவும்’ என்பது. என் மாமி ஒருவரும் விண்ணப்பத்தில் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, மருந்துச் செலவுக்கு வைத்திருந்த வட்டியை எடுக்க முடியாமல் தவித்தார்.

தாமதிக்காமல் கிளைக்குப் போங்கள். வைப்பு புதுப்பிக்கப்பட்டுச் சில நாட்கள்தான் ஆகியிருந்தால், அறிவுறுத்தலை மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். மறுத்தால் அவசரப்பட்டு உடைக்க வேண்டாம். இடையில் உடைத்தால் பெரும்பாலும் குறைந்த வீதத்தில்தான் வட்டி கணக்கிடுவார்கள். எவ்வளவு குறையும் என்பதை எழுத்தில் கேட்டுப் பார்த்து முடிவெடுங்கள். அடுத்த முதிர்வுக்கான அறிவுறுத்தலை இன்றே எழுதிக் கொடுத்து, முத்திரையிட்ட பிரதியை வாங்கி வையுங்கள்.

அந்த 16,000 ரூபா நிறுத்திவைத்தல் வரி. வட்டியில் 10 சதவீதத்தை வங்கி பிடித்து இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்புகிறது. 2025 மார்ச் வரை இது 5 சதவீதமாக இருந்தது. முதலில் இருந்து எதுவும் கழிக்கப்படுவதில்லை.

ஆனால் உங்களிடம் இந்த வரி பிடிபட்டிருக்கவே தேவையில்லை. ஏப்ரல் 1 முதல் அடுத்த மார்ச் 31 வரையான வரி வருடத்தில் ஒருவரின் மொத்த வருமானம் 18 இலட்சம் ரூபாவைத் தாண்டாவிட்டால், வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்து இந்தக் கழிவைத் தவிர்க்கலாம். அதற்கு வரி செலுத்துநர் அடையாள இலக்கம் வேண்டும். வட்டி வரவாகும் முன்பே படிவம் வங்கியில் இருக்க வேண்டும். வேறு வங்கியிலும் வைப்பு இருந்தால் அங்கும் கொடுங்கள். வரி வருடம் மாறும்போது மறுபடியும் கொடுங்கள்.

பிடித்த 16,000 ரூபாவை வங்கியிடம் கேட்டுப் பயனில்லை. வரி பிடித்ததற்கான சான்றிதழை மட்டும் வங்கியிடம் வாங்குங்கள். அந்த வருடத்துக்கான வருமான வரி விவரத்திரட்டைச் சமர்ப்பித்து, அந்தச் சான்றிதழைக் காட்டி, இறைவரித் திணைக்களத்திடம் மீளளிப்புக் கோரலாம்.