இன்கிளிசிரன் ஊசி: மாத்திரையை நிறுத்தலாமா, தேதி தவறினால் என்ன?

எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பைக் குறைக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் இன்கிளிசிரன் ஊசி பற்றி, பாலக்காடு சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இதயநோய் மருத்துவர் ஒருவர் தரும் பதில்கள்.

சித்தூரிலிருந்து ஒருவர்: வயசு 56. போன வருஷம் கோயம்புத்தூர்ல ஸ்டென்ட் வெச்சாங்க. ரோசுவாஸ்டாடின் 20 சாப்பிடறேன், எல்டிஎல் 112. ஆறு மாசத்துக்கு ஒருக்கா போடற ஊசிய நேரா ஆரம்பிச்சுக்கலாமுங்களா?

இன்னும் இரண்டு படி பாக்கி இருக்கிறது, ஐயா. ஸ்டென்ட் வைத்தவருக்கு எல்டிஎல் 55-க்குக் கீழே வர வேண்டும். மாத்திரை தொடங்குவதற்கு முன் உங்களுக்கு 230 இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 20 மி.கி. அதைப் பாதியாக்கி 112-க்குக் கொண்டு வந்துவிட்டது. இனி 40 ஆக்கினால் இன்னொரு பாதி குறையாது. ரோசுவாஸ்டாடின் போன்ற ஸ்டாடின் மாத்திரையின் அளவை இரட்டித்தால் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 6 சதவீதம்தான், அதாவது 105 அளவுக்கு வரும். அதோடு எசெட்டிமைப் 10 மி.கி. சேர்த்தால் ஐந்தில் ஒரு பங்கு இறங்கி 85 பக்கம் நிற்கும். இரண்டும் விலை குறைந்த மாத்திரைகள்.

நாலு முதல் ஆறு வாரம் ஒரு நாளும் விடாமல் சாப்பிட்டு, மறுபடி ரத்தம் பாருங்கள். அப்போதும் 85 என்றால் ஊசியைப் பேசலாம். இன்கிளிசிரன் அன்றைக்கு இருக்கும் அளவில் ஏறக்குறைய பாதியைக் குறைக்கும். 85 என்பது 42 பக்கம் வரும். அந்த இரண்டு படியைத் தாண்டிக் குதித்து 112-இல் ஊசியைத் தொடங்கினால் 56-இல் போய் நிற்பீர்கள். அவ்வளவு செலவு செய்தும் இலக்குக்கு வெளியே.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஓய்வுபெற்ற செவிலியர்: இது நேரா கல்லீரல்லயே வேலை செய்யுது. அதனால ஊசி போட்டவங்களுக்கு ஸ்டாடின் தேவையில்லைன்னு எங்க பக்கத்துல சொல்லிட்டிருக்கேன். சரிதானே டாக்டர்?

முதல் பாதி சரி, சகோதரி. முடிவுதான் பிசகுகிறது. எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து பிடித்து இழுக்கும் ஏற்பிகள் கல்லீரல் செல்லின் மேல் இருக்கின்றன. பிசிஎஸ்கே9 என்ற புரதம் அந்த ஏற்பிகளை அழிக்கிறது. ஸ்டாடின் ஏற்பிகளைக் கூட்டும்போது கூடவே இந்தப் புரதத்தையும் கூட்டிவிடுகிறது. ஸ்டாடின் அளவை ஏற்றியும் பலன் ஏறாததற்கு இது ஒரு காரணம். இன்கிளிசிரன் அந்தப் புரதம் உருவாகாமல் தடுக்கிறது. ஒன்று ஏற்பியை முளைக்க வைக்கிறது, மற்றது முளைத்ததைக் காக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் பலன்.

மேலே கேட்டவர் ஊசி போட்ட தெம்பில் மாத்திரைகளை விட்டுவிட்டால் கணக்கு 85-இலிருந்து தொடங்காது, பழைய 230-இலிருந்து தொடங்கும். அதில் பாதி 115. ஊசி போடாமல் மாத்திரை மட்டும் சாப்பிட்டபோது இருந்ததைவிட அதிகம்! “ஊசி வேலை செய்யவில்லை” என்று வருபவரிடம் நான் முதலில் கேட்பது மாத்திரை அட்டையைத்தான். ஸ்டாடினால் தசைவலி வந்து உண்மையிலேயே தாங்க முடியாதவர்களுக்கு ஊசியை மட்டும் கொடுப்பது உண்டு. அது வேறு வழியில்லாமல் செய்வது.

மீனாட்சிபுரத்திலிருந்து ஒரு பெண்: எனக்கு 29. அப்பா 43 வயசுல மாரடைப்புல போயிட்டாங்க. எனக்கும் எல்டிஎல் 240. பரம்பரை கொழுப்புன்னு சொல்லி இந்த ஊசிய சொல்றாங்க. ஜீனை மாத்தற மருந்துன்னா பொறக்கப்போற குழந்தைக்கும் அது போகுமா?

ஜீன் மாறாது, அம்மா. ஜீனிலிருந்து எழுதி எடுக்கப்படும் நகலை, அதாவது தூது ஆர்என்ஏவை, இந்த மருந்து துண்டாக்குகிறது. மூலம் அப்படியே இருக்கும். மருந்தின் நுனியில் கல்லீரல் செல் பிடித்துக்கொள்ளும் ஒரு சர்க்கரைக் கொக்கி இருப்பதால் பெரும்பகுதி அங்கேதான் போய்ச் சேரும். ரத்தத்தில் இரண்டு நாளில் மறைந்துவிடும். செல்லுக்குள் போனது மட்டும் மாதக்கணக்கில் வேலை செய்யும்.

உங்கள் விஷயத்தில் கவனிக்க வேண்டியது அந்த மாதக்கணக்குதான். கர்ப்ப காலத்துக்கு இந்த மருந்து பரிந்துரைக்கப்படவில்லை. மாத்திரையை நினைத்த நாளில் நிறுத்தலாம். போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே பிள்ளைப்பேறு எப்போது என்று முடிவு செய்துகொண்டு, அதை முதல் ஊசிக்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்டாடின் சாப்பிட்டால் அதையும் எப்போது நிறுத்துவது என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் எல்டிஎல் பார்க்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் இருக்க வாய்ப்பு சரிபாதி.

வேலந்தாவளத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவர்: இன்சுலின் மாதிரி ஐஸ் பெட்டியிலதான கொண்டு போகணும்? இன்னொன்னு, ஒருத்தர் அக்டோபர்ல போட வேண்டியத டிசம்பர் ஆகியும் போடல. என்ன பண்றது?

குளிர் தேவையில்லை, உறைந்துபோகத்தான் கூடாது. ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்தால் அந்த ஆபத்து உண்டு. அறை வெப்பத்தில் வையுங்கள். ஏப்ரல் மாத வெயிலில் வாளையாறு ரோட்டில் நிறுத்திய காருக்குள் விட்டுவிடாதீர்கள்.

தேதிக் கணக்கு இப்படி. ஜனவரி 10 முதல் ஊசி, ஏப்ரல் 10 இரண்டாவது, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று, ஆக அக்டோபர் 10. தாமதம் மூன்று மாதத்துக்குள் இருந்தால் உடனே போட்டுவிட்டுப் பழைய அட்டவணையிலேயே தொடர வேண்டும். டிசம்பர் 20-இல் போட்டாலும் அடுத்தது ஏப்ரல் 10-தான், ஜூன் அல்ல. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். அடுத்த ஆண்டு ஜனவரி 10-ஐயும் தாண்டிவிட்டால் முதலிலிருந்து: இன்று ஒன்று, மூன்று மாதத்தில் ஒன்று, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று.

கோயம்புத்தூரில் ஒன்று, பாலக்காட்டில் ஒன்று என்று போடுகிறவர்கள் தேதியையும் பேட்ச் எண்ணையும் ஒரே நோட்டில் எழுதி வைக்கட்டும். ஊசியை மருத்துவ ஊழியர்தான் போட வேண்டும். வயிற்றிலோ மேல்கையிலோ தொடையிலோ தோலுக்கடியில் 1.5 மி.லி. முழுவதும் போக வேண்டும். தடிப்பும் புண்ணும் உள்ள இடம் வேண்டாம். சிலருக்குப் போட்ட இடம் சிவந்து வலிக்கும், தானாக அடங்கிவிடும்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: எனக்கும் கொழுப்புதானுங்க. ட்ரைகிளிசரைடு 520. கள்ளு கொஞ்சம் உண்டு. இந்த ஊசி போட்டா எறங்குமா?

உங்களுக்கு உரிய மருந்து இது இல்லை. 520-க்குக் கள், சர்க்கரை நோய், தைராய்டு இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கள்ளை நிறுத்தி நாலு வாரம் கழித்து வெறும் வயிற்றில் மறுபடி பாருங்கள். உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள எல்டிஎல் எண்ணையும் நம்ப வேண்டாம். பல லேப்களில் மொத்தக் கொழுப்பிலிருந்து எச்டிஎல்லையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து அதைப் போடுகிறார்கள். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு செல்லாது. எல்டிஎல்லை நேரடியாக அளக்கச் சொல்லுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு மருந்தாளுநர்: எண் குறைவது சரி. மாரடைப்பு குறைகிறது என்று நிரூபணம் உண்டா?

நியாயமான கேள்வி. 2020-இல் வெளியான ஓரியன்-10, ஓரியன்-11 ஆய்வுகள் எல்டிஎல் பாதியாகக் குறைவதைக் காட்டின. மாரடைப்பைக் குறைக்கிறதா என்று அளக்கவே ஓரியன்-4 என்ற பெரிய ஆய்வு தொடங்கப்பட்டது. நான் முடிவு பார்க்காத ஆய்வை வைத்து நோயாளிக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். அதே பிசிஎஸ்கே9 புரதத்தைப் பிடிக்கும் எவோலோகுமாப், அலிரோகுமாப் ஊசிகளுக்கு 2017, 2018-லேயே அந்த நிரூபணம் வந்துவிட்டது. ஆனால் அவற்றை வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். தவறாமல் போடக்கூடியவருக்கு நான் அவற்றைச் சொல்வேன். நாலாவது ஊசியிலேயே விட்டுவிடுவார் என்று தெரிந்தால் இன்கிளிசிரன். என்னோடு ஒத்துப்போகாத மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

சித்தூரிலிருந்து மறுபடி: எங்க பெரியப்பாவுக்கு வாரம் மூணு டயாலிசிஸ். அவருக்குப் போடலாமுங்களா?

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஊசி போட்ட பின் 72 மணி நேரம் டயாலிசிஸ் செய்யக்கூடாது. திங்கள், புதன், வெள்ளி போகிறவருக்கு மிக நீண்ட இடைவெளியான வெள்ளி முதல் திங்கள் வரைதான் அந்த 72 மணி நேரம் கிடைக்கும். ஆகவே வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்த கையோடு ஊசி, திங்களன்று அதே நேரத்துக்கு முன் மிஷினில் ஏற்றக்கூடாது. இதை டயாலிசிஸ் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி நேரம் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியைப் பெரியப்பாவால் தாங்க முடியாது என்று அந்த மருத்துவர் சொன்னால் ஊசி வேண்டாம்.