மூன்றாம் சிலிண்டரின் பழுது எங்கே குடியேறுகிறது?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் இருக்கிறேன். என்னுடையது 2016 மாடல், நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார்; 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஊருக்குள் ஒரு குறையும் இல்லை. பாபநாசம் தாண்டிச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு மலை ஏறும்போது மட்டும் உதறுகிறது, இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. ஸ்கேனரில் P0303 வந்தது. நான்கு காயிலையும் மாற்றச் சொல்கிறார்கள். கெட்டது எது என்று நானே பார்த்துக் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. அதற்கு முன் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். P0303 என்பது மூன்றாம் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று மட்டும்தான் சொல்கிறது. காயில் கெட்டது என்று அது சொல்லவில்லை. கிராங்க் தண்டு சுற்றும் வேகத்தைக் கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி அளந்துகொண்டே இருக்கிறது. ஒரு சிலிண்டர் தன் முறை வரும்போது தள்ளவில்லை என்றால் அந்த இடத்தில் சுழற்சி இம்மியளவு தளரும். அது யாருடைய முறை என்று பார்த்து அந்த எண்ணைக் குறித்து வைக்கிறது. தளர்ந்ததற்குக் காரணம் காயிலா, பிளக்கா, இன்ஜெக்டரா, அழுத்தக் குறைவா, எலி கடித்த ஒயரா என்பதை அது அறியாது.

காரணத்தைப் பிரித்தறியும் முறை எளிது. சந்தேகப்படும் பொருளை நல்ல சிலிண்டர் ஒன்றுக்கு இடம் மாற்றிவிட்டு, பழுது அதோடு போகிறதா, இருந்த இடத்திலேயே நிற்கிறதா என்று பார்ப்பதுதான். பலரும் காயிலையும் பிளக்கையும் சேர்த்தே மூன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றிவிடுகிறார்கள். பிறகு P0301 வந்தால் இரண்டில் எது குற்றவாளி என்று தெரியாமல் மறுபடியும் கழற்ற வேண்டியிருக்கும். அதனால் இரண்டையும் வெவ்வேறு வீட்டுக்கு அனுப்புங்கள்: மூன்றின் காயில் ஒன்றுக்கும், ஒன்றின் காயில் மூன்றுக்கும் போகட்டும், மூன்றின் பிளக் நான்குக்கும், நான்கின் பிளக் மூன்றுக்கும் போகட்டும். இரண்டாம் சிலிண்டரைத் தொட வேண்டாம். அடுத்த முறை வரும் எண்ணே விடையைச் சொல்லிவிடும். P0301 என்றால் காயில், P0304 என்றால் பிளக், மறுபடியும் P0303 என்றால் இவை இரண்டும் அல்ல. ஒன்றும் நான்கும் சேர்ந்து வந்தால் இரண்டுமே கெட்டிருக்கின்றன.

இப்படி மாற்றுவதற்கு ஒவ்வொரு பிளக்கின் தலைமீதும் தனித்தனிக் காயில் உட்கார்ந்திருக்க வேண்டும். உங்களிடம் நான்கு காயிலையும் மாற்றச் சொல்லியிருப்பதால் உங்கள் காரில் அந்த அமைப்புதான் இருக்கிறது. ஒரே பெட்டியிலிருந்து நான்கு பிளக் ஒயர்கள் போகும் பழைய அமைப்பில் ஒரு காயில் இரண்டு சிலிண்டருக்குப் பொதுவாக இருக்கும் என்பதால் அங்கே இந்தக் கணக்கு இதே போல் வராது.

எண்ணிக்கையில் தவறாதீர்கள். குறுக்காகப் பொருத்திய நான்கு சிலிண்டர் இன்ஜின்களில் பெரும்பாலும் டைமிங் செயின் அல்லது பெல்ட் இருக்கும் பக்கமே ஒன்று, கியர் பெட்டிப் பக்கமே நான்கு. இருந்தாலும் உங்கள் காரின் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். காயில்களின் தலையில் மார்க்கர் பேனாவால் பழைய இடத்தின் எண்ணை எழுதிவிடுங்கள். எழுதாமல் நான்கையும் கழற்றிப் பெஞ்சில் வைத்துவிட்டு, எது எங்கிருந்தது என்று முழித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கழற்றும் முன் ஸ்கேனரில் அந்தப் பழுது பதிவான நேரத்து விவரங்களை, அதாவது இன்ஜின் சுற்று, லோடு, குளிர்நீரின் சூடு ஆகியவற்றை, படம் எடுத்து வைத்துக்கொண்டு அதன்பிறகே பழுதை அழியுங்கள். அழித்துவிட்டால் அந்த விவரமும் போய்விடும். பிற்பாடு எந்த நிலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி இருக்காது.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் பிளக்கில் கை வைக்க வேண்டும். சூட்டோடு கழற்றினால் அலுமினியத் தலையின் மரை போகும். சாவியை எடுத்துவிட்டு, கனெக்டரின் பூட்டை அழுத்தி விலக்கி, காயிலின் போல்ட்டைக் கழற்றி, காயிலை இடமும் வலமும் லேசாகத் திருகி விட்டு மேலே இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பத்து வருட வெயிலில் வெந்த பிளாஸ்டிக் பூட்டு சுலபமாக உடையும். காயிலை எடுத்ததும் பிளக் குழியைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்த பிறகே பிளக்கைத் திருகுங்கள். இல்லையென்றால் அங்கே கிடக்கும் மணல் நேராக சிலிண்டருக்குள் விழும். திரும்பப் போடும்போது முதல் சில சுற்றுகளை ராட்செட் இல்லாமல் வெறும் சாக்கெட்டைக் கையால் திருப்பியே ஏற்ற வேண்டும். இறுக்கும் அளவைக் கையேட்டில் பார்த்து டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

பிளக்கை மாற்றும் முன் அதன் வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். தலையிலிருந்து ஆறுமூலைப் பகுதி வரை பென்சிலால் கீறினதுபோல் ஒரு கருங்கோடு ஓடியிருந்தால், மின்சாரம் முனைக்குப் போகாமல் வெளிப்பக்கமாகவே வழிந்து இறங்கியிருக்கிறது என்று பொருள். அதே இடத்துக்கு நேராகக் காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் ஒரு வெண்சாம்பல் அல்லது கருந்தடம் இருக்கும். இந்த நிலையில் இடம் மாற்றும் சோதனையைச் செய்யவே கூடாது. கோடு விழுந்த பிளக்கை நல்ல காயிலுக்குக் கீழே வைத்தால் அந்த நல்ல உறையும் கருகும். பழுது இரண்டு பக்கமும் தொற்றிக் குழப்பும். அந்தப் பிளக்கையும் அந்தக் காயிலின் உறையையும் சேர்த்து மாற்றுவதே வழி; உறை தனியாகக் கிடைக்காவிட்டால் காயிலையே மாற்ற வேண்டும். குழியில் எண்ணெய் தேங்கியிருந்தாலும் டேப்பெட் கவரின் சீலை முதலில் சரிசெய்யுங்கள். புதுக் காயில் போட்டாலும் அந்த எண்ணெய் அதன் ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும்.

இனி ஓட்டிப் பார்ப்பது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். உங்கள் கார் மலை ஏறும்போது மட்டும் உதறுவதற்குக் காரணம் உண்டு. ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அதிகக் காற்று நுழைந்து அழுந்துகிறது. அடர்ந்த அந்தக் காற்றைத் தாண்டித் தீப்பொறி குதிக்க அதிக வோல்ட் வேண்டும். இளைத்த காயிலும், இடைவெளி அகன்ற பிளக்கும், கீறல் விழுந்த உறையும் ஊருக்குள் சமாளித்துவிடும், ஏற்றத்தில்தான் கைவிடும். ஆகவே மாற்றி முடித்துவிட்டு அம்பை பஸ் நிலையத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, விளக்கு எரியவில்லை, சரியாகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இன்ஜினை அரைமணி நேரமாவது சூடாக்குங்கள். சில காயில்கள் சூடேறிய பிறகே தங்கள் குணத்தைக் காட்டும். அதன்பின் படம் எடுத்து வைத்த அதே சுற்று, அதே லோடில் ஓட்டுங்கள். மலைக்குப் போக முடியாத நாளில், ஆளரவமற்ற சமதளச் சாலையில் நான்காம் கியரில் நாற்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஆக்சிலேட்டரை முக்கால்வாசி மிதித்தால் ஏறக்குறைய அதே பாரம் வரும்.

உதறல் தெரிந்து விளக்கு விட்டுவிட்டு எரிந்ததும் காலை எடுத்துவிடுங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். காயிலைவிடப் பல மடங்கு விலையுள்ள பொருள் அது. லேசான உதறலாக இருந்தால் விளக்கு முதல் ஓட்டத்தில் எரியாமலும் இருக்கலாம், ஏனென்றால் சிறு தவறுகளை இரண்டாம் ஓட்டத்திலும் கண்ட பிறகே கம்ப்யூட்டர் விளக்கைப் போடும். அதனால் ஸ்கேனரில் நிலுவைப் பழுதுகள் என்னும் பக்கத்தையும் திறந்து பாருங்கள்.

ஓடும் இன்ஜினில் காயிலை ஒவ்வொன்றாக உருவி எது கெட்டது என்று பார்க்கும் பழைய பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். போக வழியில்லாத உயர் வோல்ட் காயிலுக்குள்ளேயே பாய்ந்து நல்லதையும் கெடுக்கும், உங்கள் கையையும் பதம் பார்க்கும்.

என் பாளையங்கோட்டைப் பட்டறையில் நான் ஏமாந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். பிசான அறுவடை முடிந்த பங்குனி மாதம், களக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கார் P0302 பழுதோடு வந்தது. இரண்டின் காயிலை நான்குக்கும், பிளக்கை மூன்றுக்கும் மாற்றி, பாரம் ஏற்றி ஓட்டினேன். எந்த எண்ணும் வரவில்லை. கனெக்டரில் அழுக்கு இருந்திருக்கும், கழற்றி மாட்டியதில் சரியாகிவிட்டது என்று அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து அதே கார், அதே P0302. காயிலும் பிளக்கும் வேறு வீட்டில் இருக்கும்போது பழுது மட்டும் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது என்றால் குற்றம் இடத்தோடு ஒட்டியது. இரண்டாம் கனெக்டருக்குப் பின்னால் ஒயரை விரலால் மடித்துப் பார்த்தபோது ஓரிடத்தில் நூலாகத் துவண்டது. டேப்பைப் பிரித்தால், வயலிலிருந்து ஏறிவந்த எலி உறையைக் கடித்து, உள்ளே செம்பு இழைகள் இரண்டே இரண்டு மிச்சம் இருந்தன. நான் முதல்நாள் கழற்றி மாட்டியபோது அந்த இரண்டு இழைகளும் நல்ல கோணத்தில் அமர்ந்து மூன்று வாரம் ஓடியிருக்கின்றன. ஆகவே பழுது எந்த எண்ணுக்கும் நகராமல் வெறுமனே மறைந்துவிட்டால் அதை விடை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாற்றிய இடங்களை அப்படியே வைத்து இரண்டு மூன்று வாரம் ஓட்டுங்கள்.

உங்களுக்கு P0301 வந்தால் அந்த ஒரு காயிலை மட்டும் வாங்கினால் போதும். P0304 வந்தால் நான்கு பிளக்கையும் ஒன்றாக மாற்றுங்கள். நான்கும் ஒரே நாளில் போட்டவை என்றால் மற்ற மூன்றும் அதே தேய்மானத்தில்தான் இருக்கும். மாற்றாமல் விட்ட அகன்ற இடைவெளிதான் நல்ல காயிலையும் வேலை வாங்கிக் கொல்கிறது. P0303 என்றே நின்றுவிட்டால் முதலில் மூன்றாம் கனெக்டரின் ஒயரை நான் செய்ததுபோல் மடித்துப் பாருங்கள். அதிலும் குறையில்லை என்றால் பட்டறையில் நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மட்டும் குறைந்திருந்தால், ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளக்கும்போது ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு என்பது பொதுவான கணக்கு. நான்கும் சமமாக இருந்தால்தான் இன்ஜெக்டரின் முறை. அதையும் இதேபோல் இடம் மாற்றிப் பார்க்கலாம். ஆனால் பெட்ரோல் அழுத்தத்தில் நிற்கும் குழாயைத் திறந்து, ஓ-ரிங்குகளைப் புதிதாகப் போட வேண்டிய வேலை அது, வீட்டுத் திண்ணையில் செய்யக்கூடியது அல்ல.