குழந்தையின் ரத்தத்தில் இருப்பது யாருடைய ஆன்டிபாடி?

"எனக்கு எச்ஐவி, மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறேன். தாய்ப்பால் கொடுக்கிறேன். குழந்தைக்கு 6 வாரத்தில் பிசிஆர் நெகட்டிவ். இப்போது 9 மாதத்தில் ரேபிட் டெஸ்ட் பாசிட்டிவ். எது சரி?"

இரண்டுமே சரியாக இருக்கலாம். ரேபிட் டெஸ்ட் வைரஸைத் தேடுவதில்லை, அதை எதிர்க்க உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியைத்தான் தேடுகிறது. கர்ப்பத்தில் உங்கள் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போயிருக்கும். அது முழுக்கக் கரைய 18 மாதம்கூட ஆகலாம். அதனால் அதற்கு முன் வரும் பாசிட்டிவை வைத்துக் குழந்தைக்குத் தொற்று என்று சொல்லிவிட முடியாது. வைரஸையே தேடும் பிசிஆர்தான் இப்போது வேண்டும், அதையும் தள்ளிப்போடாமல் இந்த வாரமே எடுங்கள்.

ஏனென்றால் 6 வார நெகட்டிவ் அதுவரைக்கும்தான் பேசும். பிறந்ததும் தொடங்கி வழக்கமாக 6 வாரம் தரும் நெவிரபின் சொட்டு மருந்து முடிந்த பிறகு, பால் வழியாகத் தொற்றாமல் காப்பது பெரும்பாலும் உங்கள் மாத்திரைதான். வைரல் லோட், அதாவது உங்கள் ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, கண்டறிய முடியாத அளவில் இருந்தால் ஆபத்து மிகக் குறைவு, பூஜ்யம் அல்ல. நடுவில் மாத்திரை விட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

பிசிஆர் பாசிட்டிவ் வந்தால் உறுதிப்படுத்த இன்னொரு மாதிரி எடுப்பார்கள். ஆனால் அந்த முடிவுக்காகக் காத்திருக்காமல் சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்கள். நெகட்டிவ் என்றாலும் கணக்கு முடியவில்லை. 18 மாதம் ஆன பிறகோ, பால் நிறுத்தி 3 மாதம் கழித்தோ, எது பிந்தியதோ அப்போது கடைசி டெஸ்ட். உதாரணமாக, 17ஆவது மாதத்தில் பால் நிறுத்தினால் 20ஆவது மாதம்.