வியாழக்கிழமைக்கு மட்டும் எம்சி இல்லை: தவறிய லேப் தேர்வை எப்படிக் கேட்பது

அன்புள்ள அக்கா,

நீங்கள் அனுப்பிய இரண்டு எம்சியையும், அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழ்களையும், மகளின் லேப் அட்டவணையையும் பார்த்தேன். “எம்சிதான் இருக்கிறதே, கல்லூரி எப்படி மறுக்க முடியும்? நான் திங்கட்கிழமை நேரில் போய்ப் பேசட்டுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு நேரில் போக வேண்டாம். முதலில் அந்த இரண்டு எம்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதிகளைப் பாருங்கள்.

ஞாயிறு இரவு காய்ச்சல் வந்தது. திங்கட்கிழமை கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள், டெங்கி என்று தெரிந்தது. திங்கள் முதல் புதன் வரை எம்சி கொடுத்து, புதன்கிழமை மறுபடி ரத்தம் பார்க்க வரச் சொன்னார்கள். புதன் மாலை மழை, பிள்ளையும் அசந்து தூங்கிவிட்டாள், போகவில்லை. வியாழன் காலை உடம்புச் சூடு இறங்கியதால் நீங்களும் கொஞ்சம் நிம்மதியானீர்கள். ஆனாலும் அவளால் எழுந்து நிற்க முடியவில்லை, வீட்டிலேயே இருந்தாள். வெள்ளிக்கிழமை கிளினிக்குக்குப் போனபோது வெள்ளி முதல் ஞாயிறு வரை இரண்டாவது எம்சி கிடைத்தது.

நுண்ணுயிரியல் லேப் தேர்வு வியாழன் பிற்பகல் 2 மணிக்கு. அந்த ஒரு நாளுக்கு மட்டும் எம்சி இல்லை.

உங்கள் மகள் பொய் சொல்லவில்லை, நீங்களும் அலட்சியமாக இருக்கவில்லை. ஆனால் விரிவுரையாளர் மேசையில் இந்த இரண்டு தாள்களும் போய் விழும்போது அவர் கண்ணுக்குத் தெரிவது வெற்றாக இருக்கும் வியாழக்கிழமைதான். நாமே முந்திக்கொண்டு அதைச் சொல்லிவிட்டால் அது ஒரு விளக்கம். அவர் கண்டுபிடித்துக் கேட்ட பிறகு சொன்னால், அது சமாளிப்பு மாதிரி ஆகிவிடும்.

டாக்டரிடம் வியாழனையும் சேர்த்து எம்சியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். தாம் பார்க்காத, கடந்துபோன நாளுக்கு எம்சி கொடுக்க அவரால் முடியாது, கொடுக்கவும் கூடாது. வீட்டில் யாராவது “புதனை வியாழனாகத் திருத்திவிடலாமே” என்று சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒரு லேப் தேர்வின் மதிப்பெண் போவது வேறு, ஆவணத்தைத் திருத்திய குற்றத்துக்குப் பிள்ளை ஆளாவது வேறு.

டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒரு மெமோ. எம்சி ‘இத்தனை நாள் வேலைக்கோ வகுப்புக்கோ போக இயலாது’ என்று மட்டும் சொல்லும். என்ன நோய் என்று பெரும்பாலும் அதில் இருக்காது. மெமோவில் டாக்டர் தமக்குத் தெரிந்த உண்மைகளை எழுதலாம். திங்கட்கிழமை டெங்கி உறுதியானது, வெள்ளிக்கிழமை மறுபடி பார்த்தேன், அன்று ரத்தத் தட்டணு இவ்வளவுக்கு இறங்கியிருந்தது, இந்த இடைப்பட்ட நாள்களில் இந்த நோய் இப்படித்தான் இருக்கும் என்ற நான்கு வாக்கியம் போதும்.

கடைசி வாக்கியம்தான் வியாழக்கிழமைக்குக் கைகொடுக்கும். டெங்கியில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். பொதுவாக மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு இறங்கும். அதையொட்டிய ஒன்றிரண்டு நாள்களில்தான் தட்டணு மிகவும் குறையும், சிலருக்கு ரத்தக்கசிவும் வரும். நீங்கள் அனுப்பிய ரத்த அறிக்கையில் திங்கட்கிழமை 168 ஆயிரமாக இருந்த தட்டணு, வெள்ளிக்கிழமை 82 ஆயிரம். இடையில் இருந்த வியாழன் அன்று அவள் நலமாக இருந்திருப்பாள் என்று இதைப் பார்க்கிற யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே மெமோவோடு தேதி போட்ட இரண்டு ரத்த அறிக்கைகளையும் இணைக்கலாம். நோயின் பெயர் கல்லூரிக்குத் தெரிவதில் அவளுக்குத் தயக்கம் இல்லை என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள். அந்த முடிவு அவளுடையது.

இவ்வளவும் கொடுத்தாலும் ஏற்பதும் மறுப்பதும் கல்லூரியின் முடிவுதான். எம்சி இல்லாத நாளை மெமோவை வைத்து ஏற்பார்கள் என்று நான் உறுதி தர மாட்டேன். எத்தனை வேலை நாளுக்குள் சான்றைப் பதிவேற்ற வேண்டும் என்பதும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். மாணவர் கையேட்டில் அந்தப் பக்கத்தை இன்றே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இனி, என்ன கேட்பது என்ற விஷயம். மாணவர்கள் பெரும்பாலும் “தயவுசெய்து வேறொரு நாள் கொடுங்கள்” என்று மட்டும் எழுதுகிறார்கள். எழுத்துத் தேர்வென்றால் ஒரு மேசையும் ஒரு கண்காணிப்பாளரும் இருந்தால் நடத்திவிடலாம். லேப் அப்படியல்ல.

உங்கள் மகளுடைய தேர்வையே எடுத்துக்கொள்வோம். பாக்டீரியா உள்ள திரவத்தைப் படிப்படியாகப் பத்து மடங்கு நீர்த்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து அகார் தட்டில் பரப்ப வேண்டும். அந்தத் தட்டுகள் 37 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு நாள் இருக்கும். மறுநாள் போய், 30 முதல் 300 பாக்டீரியாக் கூட்டங்கள் வரை முளைத்திருக்கும் தட்டைத் தேர்ந்தெடுத்து எண்ண வேண்டும். அதாவது இது ஒரு நாள் தேர்வே இல்லை. முதல் நாள் இரண்டு மூன்று மணி நேரம், மறுநாள் அரை மணி நேரம் என அடுத்தடுத்த இரண்டு நாள் தேவை. வெள்ளிக்கிழமை பரப்பினால் சனிக்கிழமை எண்ணுவதற்கு லேபில் ஆள் இருக்க மாட்டார்கள். அதோடு பாக்டீரியாவை முந்தின இரவே வளர்த்து வைக்க வேண்டும் என்பதால் லேப் உதவியாளருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். “நாளைக்கே வருகிறேன்” என்று எழுதினால் ஆர்வம் தெரியும், ஆனால் அவர்களால் அதைச் செய்ய முடியாது.

இதையெல்லாம் புரிந்துகொண்டு எழுதிய கடிதத்துக்குச் சரி என்று சொல்வது விரிவுரையாளருக்குச் சுலபம். மற்ற வகுப்புகள் இதே தேர்வை அடுத்த வாரம் செய்வதாக இருந்தால், அவர்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதுதான் எப்போதும் முதல் வழி. அதற்குத் தனி ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. ஆனால் அட்டவணைப்படி நான்கு வகுப்புகளும் இந்த வாரத்திலேயே முடித்துவிட்டன. அதனால் தனி நேரம் கேட்பதைத் தவிர வழியில்லை.

ஞாயிறு வரை எம்சி இருக்கிறது. அந்த நாள்களுக்குள் வருகிறேன் என்று எழுதக் கூடாது. எம்சியில் இருப்பவரை லேபுக்குள் விடுவதில் அவர்களுக்கே சிக்கல். திங்கட்கிழமையும் வேண்டாம். டெங்கிக்குப் பிறகு அசதி சில நாள் இருக்கும், பன்சன் சுடர் பக்கத்தில் மூன்று மணி நேரம் நிற்கிற வேலை இது. அவளுடைய அட்டவணையில் செவ்வாயும் புதனும் மாலை 4 மணிக்குப் பிறகு காலியாக இருக்கின்றன, புதனும் வியாழனும் கூட. இந்த இரண்டு ஜோடிகளையும் எழுதினால் போதும்.

மின்னஞ்சல் இன்றே, சனிக்கிழமையே போக வேண்டும். மெமோ கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். அவளுடைய கல்லூரி மின்னஞ்சலிலிருந்து அவளே ஆங்கிலத்தில் எழுதட்டும். பாடம் நடத்தும் விரிவுரையாளருக்கு எழுதி, பாடப் பொறுப்பாளருக்கு நகல் அனுப்பட்டும். கருத்து இப்படி இருக்கலாம்:

“வணக்கம். நான் இன்ன வகுப்பு, இன்ன மாணவர் எண். டெங்கி காரணமாக வியாழன் பிற்பகல் 2 மணி நுண்ணுயிரியல் லேப் தேர்வுக்கு என்னால் வர முடியவில்லை. அன்றே தெரிவிக்காததற்கு மன்னிக்கவும். திங்கள் முதல் புதன் வரையும், வெள்ளி முதல் ஞாயிறு வரையும் உள்ள எம்சிகளை இணைத்திருக்கிறேன். புதன்கிழமை மறுபரிசோதனைக்குப் போகத் தவறியதால் வியாழனுக்கு எம்சி இல்லை. அன்றைய நிலையைப் பற்றி டாக்டரிடம் மெமோ கேட்கிறேன், செவ்வாய்க்குள் அனுப்புகிறேன். இந்தத் தேர்வுக்கு அடுத்தடுத்த இரண்டு நாள் தேவை என்று அறிவேன். செவ்வாய்–புதன் அல்லது புதன்–வியாழன் மாலை 4 மணிக்குப் பிறகு என்னால் வர முடியும். இந்த நாள்கள் லேபுக்கு ஒத்துவராவிட்டால் நீங்கள் சொல்லும் நாளில் வருகிறேன். வேறு படிவம் நிரப்ப வேண்டுமென்றால் தெரிவியுங்கள்.”

இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். எத்தனை முறை வாந்தி எடுத்தாள், நீங்கள் எவ்வளவு பயந்தீர்கள் என்பதெல்லாம் எனக்குச் சொன்னது போதும் அக்கா, அங்கே எழுத வேண்டியதில்லை. எம்சியைக் கல்லூரி இணையவாசலில் தனியாகப் பதிவேற்றவும் மறக்க வேண்டாம். விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பியது, பதிவேற்றியதாக ஆகாது. இந்தக் குழப்பத்தில் நல்ல எம்சி வைத்திருந்தும் ‘காரணமின்றி வரவில்லை’ என்று பதிவான மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மூத்த மகனுக்கு ஓ நிலைத் தேர்வில் நடந்ததை இதோடு ஒப்பிட்டிருந்தீர்கள். அது வேறு. தேசியத் தேர்வில் தவறிய தாளை இன்னொரு நாள் எழுத முடியாது. பள்ளி வழியாகச் சிறப்புக் கவனிப்புக்கு விண்ணப்பிப்பார்கள், அவ்வளவுதான். கல்லூரியின் பருவ இறுதித் தேர்வும் விரிவுரையாளர் கையில் இல்லை, தேர்வு அலுவலகம்தான் முடிவு செய்யும். லேப் தேர்வில்தான் விரிவுரையாளரால் ஏதாவது செய்ய முடியும். அதனால்தான் அவருக்கு நேரடியாக எழுதச் சொல்கிறேன்.

செவ்வாய் மதியம்வரை பதில் வராவிட்டால் அவளே பாடப் பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழைக்கட்டும். தேர்வையே மறுத்து, மதிப்பெண் பூஜ்யம் என்று எழுத்தில் வந்தால் அப்போது எனக்குச் சொல்லுங்கள். மேல்முறையீட்டுக்கு இதே மெமோவும் ரத்த அறிக்கையும்தான் வேண்டியிருக்கும், பத்திரமாக வைத்திருங்கள்.

நாளைக்குள் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம் என்று ஏதாவது தெரிந்தால் மின்னஞ்சலை விட்டுவிட்டு உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். லேப் நேரத்தை மறுபடியும் மாற்றிக் கேட்டுக்கொள்ளலாம்.